வெளிநாட்டு வேலை ஏஜென்சி பெயர் மாறியதா? வெப்சைட்டின் பழைய பிரதியில் பார்ப்பது எப்படி

பஹ்ரைன் படகு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சி ஒன்று "25 ஆண்டு அனுபவம்" என்று வெப்சைட்டில் போட்டிருக்கிறது. அது உண்மையா என்று வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். web.archive.org என்ற தளத்தில் வேபேக் மெஷின் என்றொரு வசதி இருக்கிறது. அமெரிக்காவின் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற லாப நோக்கில்லாத அமைப்பு நடத்துவது. 1996-லிருந்து வெப்சைட்டுகளை அவ்வப்போது பிரதி எடுத்து வைக்கிறார்கள். 2001-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். காசு கிடையாது, கணக்கும் தொடங்க வேண்டாம்.

இதை வைத்து அந்த ஏஜென்சி நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இன்று இந்தப் பெயரில் இருப்பவர்கள் அன்றும் இதே பெயரில், இதே தொழிலில்தான் இருந்தார்களா என்பதைப் பார்த்துவிடலாம். தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் ஆள் போகாத ஊர் குறைவு. பெயரை மாற்றிக்கொண்டு வரும் ஏஜென்சிக்கு ஆள் கிடைப்பதும் அதனால் சுலபம். இந்தப் பக்கத்தில் ஏஜென்சியை வைத்தே பேசுகிறேன். கருவாட்டுக் கடைக்கும் லாட்ஜுக்கும் இதே வழிதான்.

தளத்தைத் திறந்தால் ஒரே ஆங்கிலமாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?

மேலே இருக்கும் பெட்டியில் ஏஜென்சியின் வெப்சைட் முகவரியை மட்டும் அடியுங்கள். `www` போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். பிறகு வருடங்கள் வரிசையாக ஒரு பட்டையில் வரும். அதற்குக் கீழே ஒரு காலண்டர். காலண்டரில் நீல வட்டம் இருக்கும் நாளில் பக்கம் ஒழுங்காகப் பிரதியாகியிருக்கிறது. பச்சை வட்டம் என்றால் அன்றைக்கு அந்த முகவரி வேறொரு முகவரிக்குத் தள்ளிவிட்டது என்று பொருள். பச்சையைப் பலர் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். எங்கே தள்ளியது என்று பார்த்தால் அந்த நிறுவனத்தின் இன்னொரு பெயர் கிடைக்கலாம்.

முதலில் ஆக முந்திய பிரதியைத் திறங்கள். அப்புறம் வருடத்துக்கு ஒன்று என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். எங்கே ஆள் மாறியதுபோல் தெரிகிறதோ, அந்த இரண்டு பிரதிகளுக்கு இடைப்பட்டதை மட்டும் நெருக்கமாகப் பார்த்தால் போதும்.

முகப்புப் பக்கத்தைவிடத் தொடர்பு முகவரிப் பக்கமும் "எங்களைப் பற்றி" பக்கமும்தான் அதிகம் பேசும். அவற்றின் முகவரி தெரியாவிட்டால் இப்படி அடித்தால், அந்த வெப்சைட்டில் பிரதியான எல்லாப் பக்கங்களும் பட்டியலாக வரும்:

```
https://web.archive.org/web/*/example.com/*
```

example.com இருக்கும் இடத்தில் உங்களுக்கு வேண்டிய முகவரியைப் போடுங்கள். பட்டியலில் `contact`, `about` என்று தேடினால் பழைய பக்கங்கள் தட்டுப்படும். இப்போது வெப்சைட்டிலிருந்து எடுத்துவிட்ட பக்கமும் அதில் கிடக்கும்.

பழைய பிரதியில் எதைப் பார்க்க வேண்டும்? பெயரை மட்டும் பார்த்தால் போதாதா?

பெயர்தான் ஆகச் சுலபமாக மாற்றக்கூடியது. அதை மட்டும் நம்பினால் இரண்டு பக்கமும் ஏமாறலாம்: பெயர் மாறியும் ஆள் மாறாமல் இருக்கலாம், பெயர் மாறாமலே ஆள் மாறியிருக்கலாம்.

மாற்றச் சிரமமானவற்றைப் பிடியுங்கள். முதலாவது மொபைல் நம்பர். வாடிக்கையாளர்கள் கையில் இருக்கும் நம்பரை யாரும் சட்டென்று விடமாட்டார்கள். இரண்டாவது அலுவலக முகவரி. மூன்றாவது, அரசு கொடுத்த எண்கள். ஏஜென்சி என்றால் வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் பதிவு செய்த லைசென்ஸ் நம்பர் இருக்க வேண்டும். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அந்தப் பதிவு இல்லாமல் ஆள் எடுக்கவே கூடாது. கம்பெனி என்றால் 21 எழுத்து கொண்ட சிஐஎன் எண் உண்டு. கம்பெனி தொடங்கிய வருடமே அதன் நடுவில் இருக்கும். ஜிஎஸ்டி எண் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அந்த நபரின் அல்லது நிறுவனத்தின் பான் எண். ஆகவே பழைய பிரதியில் ஒரு பெயரும் இன்று வேறு பெயரும் இருந்து, நடுவில் உள்ள அந்தப் பத்து எழுத்து ஒன்றாகவே இருந்தால், சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஒரே ஆள்தான்.

ஜிஎஸ்டி 2017 ஜூலையில்தான் வந்தது. அதற்கு முந்திய பிரதியில் அது இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம்.

நிஜமாக ஒருவர் இப்படிப் பார்த்துக் கண்டுபிடித்ததைச் சொல்லுங்களேன்.

பெரியபட்டினம் பக்கத்து வீடு ஒன்று. பையனுக்குப் பஹ்ரைனில் மீன்பிடிப் படகு வேலை என்று வாட்ஸ்அப்பில் வந்தது. முன்பணம் கேட்டார்கள். துபாயில் இருக்கும் அவன் பெரிய காக்கா, "பணம் கட்டாதே, முதலில் வெப்சைட்டை அனுப்பு" என்று சொல்லிவிட்டு என்னிடம் தள்ளிவிட்டார். பெயரும் நம்பரும் இங்கே வேண்டாம்.

வெப்சைட் பார்க்க நன்றாகவே இருந்தது. "1998 முதல்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயர், 2012-ல் பதிவானதாகக் காட்டியது. 1998 இல்லாவிட்டாலும் 2012-லிருந்து இருப்பவர்கள்தானே என்று அந்த வீட்டில் அப்போதே பாதி மனம் சாய்ந்துவிட்டது.

பழைய பிரதிகளைத் திறந்தோம். 2012-லிருந்து 2017 வரை அந்த முகவரியில் இருந்தது மதுரையில் விமான டிக்கெட் போட்டுத் தரும் சின்ன அலுவலகம். ஆள் எடுக்கும் தொழில் பற்றி ஒரு வரி கிடையாது. 2018-ல் எடுத்த பிரதியில் "இந்த டொமைன் விற்பனைக்கு" என்ற வெற்றுப் பக்கம். அடுத்த பிரதி 2021-ல்தான். அதில் ஓர் ஆள்சேர்ப்பு நிறுவனம், சென்னை முகவரி, ஒரு மொபைல் நம்பர், கீழே ஒரு லைசென்ஸ் நம்பர். 2023 பிரதியில் பக்கத்தின் அமைப்பு அப்படியே இருக்கிறது, படங்கள் கூட அதேதான், ஆனால் நிறுவனத்தின் பெயர் வேறு. "1998 முதல்" என்ற வரி இங்கேதான் முதல்முறையாக முளைக்கிறது. லைசென்ஸ் நம்பர் இருந்த இடம் காலி.

இப்படி இரண்டு பிரதிகளை ஒப்பிட, மேலே Changes என்று இருப்பதைத் தொட்டு இரண்டு தேதிகளைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டு பக்கமும் அருகருகே வரும். நீக்கியது மஞ்சளிலும் சேர்த்தது நீலத்திலும் தெரியும். லைசென்ஸ் நம்பர் காணாமல் போனது அந்த மஞ்சளில்தான் கண்ணில் பட்டது.

இப்போதைய வெப்சைட்டில் மொபைல் நம்பரையும் மாற்றியிருந்தார்கள். சரி, 2021-ல் இருந்தவர்கள் வேறு, இவர்கள் வேறு என்று வாதாடலாமே? அதற்குப் பக்கத்தின் மூல நிரலைத் திறந்தோம். கம்ப்யூட்டரில் Ctrl+U அடித்தால் வரும். அதில் `wa.me` என்று தேடினால் வாட்ஸ்அப் பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் நம்பர் தெரியும். கண்ணுக்குத் தெரியும் நம்பரை மாற்றியவர்கள் பொத்தானுக்குப் பின்னால் இருந்ததை மறந்துவிட்டார்கள். 2021-ன் அதே நம்பர். வெப்சைட்டை அவசரத்தில் வேறு பெயருக்கு மாற்றுகிறவர்கள் இந்த இடத்தில் தவறுவது சகஜம். அதனால் நான் எப்போதும் இங்கே ஒரு பார்வை பார்ப்பதுண்டு.

கடைசியாக, 2021 பிரதியில் இருந்த லைசென்ஸ் நம்பரை emigrate.gov.in தளத்தில், பதிவு பெற்ற ஏஜென்சிகளின் பட்டியலில் தேடினோம். அது மூன்றாவதாக ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமானது. பழைய பெயருடனும் பொருந்தவில்லை, புதிய பெயருடனும் பொருந்தவில்லை. பையன் போகவில்லை.

டொமைன் 2012-ல் பதிவானதாகக் காட்டியது என்கிறீர்கள். அப்புறம் எப்படிப் புது ஆள் வந்தார்?

டொமைனின் வயது வேறு, அதை வைத்திருப்பவரின் வயது வேறு. ஒருவர் புதுப்பிக்காமல் விட்ட டொமைன் முழுதாக அழிந்து, இன்னொருவர் புதிதாக வாங்கினால் பதிவுத் தேதியும் புதிதாகிவிடும். அப்படி அழிய, `.com` போன்றவற்றில் காலாவதியான பின் இரண்டரை மாதம் வரை ஆகும். ஆனால் அதற்குள்ளேயே ஏலத்தில் கை மாறினாலோ, உடையவரே நேரடியாக விற்றாலோ, பழைய தேதி அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். பழைய தேதிக்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர்களும் உண்டு.

lookup.icann.org-ல் பதிவுத் தேதியைப் பார்க்கலாம். யார் பெயரில் இருக்கிறது என்பது 2018-க்குப் பிறகு பெரும்பாலும் மறைத்துத்தான் வருகிறது. அதனால் அந்தத் தேதிக்கு நான் ஒரே ஓர் உபயோகம்தான் வைத்திருக்கிறேன்: "1998 முதல் இதே வெப்சைட்" என்று சொல்பவரின் டொமைன் போன வருடம் பதிவாகியிருந்தால் கேள்வி கேட்கலாம். மற்றபடி பழைய தேதி எதையும் நிரூபிக்காது. நடுவில் "விற்பனைக்கு" பக்கம் இருக்கிறதா, தொழில் மாறியிருக்கிறதா என்பதைப் பிரதிகள்தான் சொல்லும்.

2014 பிரதியைத் திறந்தேன். அடியில் இந்த வருடத்தைப் போட்டிருக்கிறது. பிரதியே போலியா?

இல்லை. பல வெப்சைட்டுகளில் அடியில் வரும் வருடத்தை எழுதி வைப்பதில்லை. இன்று என்ன வருடமோ அதைக் காட்டு என்று ஒரு சின்ன நிரல் போட்டிருப்பார்கள். அந்த நிரல் உங்கள் போனில் இப்போது ஓடுகிறது, அதனால் இந்த வருடம் வருகிறது. அடியில் உள்ள வருடத்தை எந்தப் பக்கத்திலும் ஆதாரமாக எடுக்காதீர்கள்.

இதைவிடச் சிக்கலான இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. பழைய பிரதிக்குள் ஒரு லிங்கைத் தொட்டால், அந்தத் தேதியில் அந்தப் பக்கம் பிரதியாகாவிட்டால், கிடைக்கும் தேதிகளில் நெருங்கியதற்கு மெஷின் உங்களைக் கொண்டுபோய் விடும். 2014 முகப்பிலிருந்து தொடர்புப் பக்கத்தைத் தொட்டால் 2021-க்கு வந்து நிற்பீர்கள்; பார்ப்பதற்கு ஒரே வெப்சைட் மாதிரிதான் இருக்கும். ஒவ்வொரு முறையும் முகவரிப் பட்டையில் `/web/` என்பதற்குப் பின்னால் வரும் 14 இலக்கங்களைப் பாருங்கள். வருடம், மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்ற வரிசை. நேரம் யுடிசி கணக்கு. நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும்.

படங்களும் அப்படியே. ஒரு பக்கத்தின் எழுத்து ஒரு நாளிலும் லோகோ வேறொரு நாளிலும் பிரதியாகியிருக்கலாம். பேனர் படத்துக்குள் இருக்கும் பெயரையும் போன் நம்பரையும் நம்புவதற்கு முன், மேல் வலது பக்கம் இருக்கும் About this capture என்பதைத் தொடுங்கள். பக்கத்தின் தேதியிலிருந்து ஒவ்வொரு படமும் எத்தனை நாள் அல்லது வருடம் தள்ளி எடுக்கப்பட்டது என்று பட்டியல் வரும். எழுத்தாக இருக்கும் நம்பருக்கு இந்தத் தொல்லை இல்லை.

மாற்றம் எந்தத் தேதியில் நடந்தது என்று சரியாகச் சொல்ல முடியுமா?

இந்தப் பிரதிக்கும் அந்தப் பிரதிக்கும் இடையில் என்றுதான் சொல்ல முடியும். மேலே சொன்ன கதையில் 2021-க்கும் 2023-க்கும் நடுவில் பெயர் மாறியது. 2023-ல் மாறியது என்று சொன்னால் தவறு. இடைவெளியைச் சுருக்க, மாதத்துக்கு ஒரு பிரதி வீதம் எல்லாத் தேதியையும் ஒரே பட்டியலாக எடுக்கலாம்:

```
https://web.archive.org/cdx/search/cdx?url=example.com&fl=timestamp,statuscode&collapse=timestamp:6
```

பக்கத்தில் 200 என்று இருப்பவற்றைத் திறந்து பாருங்கள். 301, 302 என்பவை வேறு முகவரிக்குத் தள்ளியவை.

பெயர் மாற்றினாலே மோசடியா? மண்டபத்தில் நாங்கள் வாங்கும் கருவாட்டுக் கடையே பெயர் மாறியதுதான்.

இல்லவே இல்லை. அண்ணன் தம்பி பாகம் பிரிந்திருக்கலாம், அப்பா பெயரிலிருந்து மகன் பெயருக்குப் போயிருக்கலாம், தனி ஆள் கடை பிரைவேட் லிமிடெட் ஆகியிருக்கலாம். கடைசியில் சொன்னதில் பான் எண்ணே மாறும், ஏனென்றால் கம்பெனிக்குத் தனியாக பான் வாங்க வேண்டும். ஜிஎஸ்டி எண்ணும் கூடவே மாறும். பான் எண்ணின் நான்காவது எழுத்தைப் பாருங்கள்: P என்றால் தனி நபர், F என்றால் பங்குதாரர் நிறுவனம், C என்றால் கம்பெனி. P போய் C வந்திருந்து, முகவரியும் போனும் அதேயாக இருந்தால், அது கடை வளர்ந்த கதை. ஜிஎஸ்டி எண்ணை gst.gov.in-ல் போட்டால் சட்டப்படியான பெயர், கடைப் பெயர், பதிவான தேதி மூன்றும் வரும்.

நேர்மையாகப் பெயர் மாற்றியவர் பழைய பெயரைச் சொல்லத் தயங்கமாட்டார். "முன்பு இன்ன பெயரில் இயங்கியது" என்று அவரே போடுவார், பழைய வாடிக்கையாளர் வழி தவறக்கூடாது அல்லவா. கம்பெனிகளுக்கு இது சட்டமாகவே இருக்கிறது: 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி, பெயர் மாற்றிய கம்பெனி இரண்டு ஆண்டுகளுக்குப் பழைய பெயரையும் சேர்த்தே போர்டிலும் கடிதத்தாளிலும் போட வேண்டும். பெயர் மாறினாலும் சிஐஎன் எண்ணில் உள்ள தொடக்க வருடம் மாறாது.

என் சந்தேகம் எங்கே தொடங்கும் என்றால், பெயர் மாறும் அதே சமயத்தில் வயது கூடும்போது. பழைய பெயரில் இருந்தபோது "2019-ல் தொடங்கியது" என்று போட்டவர், புதுப் பெயரில் "20 ஆண்டு அனுபவம்" என்று போட்டால் அதற்கு நல்ல விளக்கம் ஏதும் எனக்குத் தெரிந்து கிடையாது.

பிரதியே இல்லை என்று வருகிறது. மறைத்துவிட்டார்களா?

திரையில் என்ன வாசகம் வருகிறது என்று படியுங்கள். "has not archived that URL" என்று வந்தால் மெஷின் அந்தப் பக்கம் வரவே இல்லை. சின்னக் கடைகளுக்கு இது சாதாரணம். "has been excluded from the Wayback Machine" என்று வந்தால், அந்த வெப்சைட்டை வேண்டுமென்றே விலக்கி வைத்திருக்கிறார்கள்; பெரும்பாலும் உடையவரே கேட்டிருப்பார். அதற்கும் நியாயமான காரணம் இருக்கலாம். ஆனால் இருபத்தைந்து வருட அனுபவத்தைப் பெருமையாகச் சொல்கிற ஏஜென்சி, பழைய பக்கங்களைப் பார்க்க விடாமல் செய்திருந்தால் நான் முன்பணம் கட்டமாட்டேன்.

`.com` இல்லாவிட்டால் `.in`, `.co.in` என்றும் போட்டுப் பாருங்கள். முன்பு வேறு முகவரியில் இருந்திருக்கலாம். கூகுளின் பழைய பிரதி வசதியை இனித் தேட வேண்டாம், 2024-ல் எடுத்துவிட்டார்கள்.

வெப்சைட்டே கிடையாது. பேஸ்புக் பக்கம் மட்டும்தான்.

பேஸ்புக்கை வேபேக் மெஷின் சரியாகப் பிடிப்பதில்லை. அதற்குப் பதில் அந்தப் பக்கத்திலேயே Page transparency என்ற பகுதி உண்டு. பக்கம் எந்தத் தேதியில் தொடங்கியது, பெயர் எப்போது எதிலிருந்து எதற்கு மாறியது என்பதெல்லாம் அதில் வரும். சமையல் வீடியோ பக்கமாகத் தொடங்கி, ஆள் சேர்ந்ததும் "ஓவர்சீஸ் ஜாப்ஸ்" ஆன பக்கம் என்றால் அங்கே பளிச்சென்று தெரிந்துவிடும்.

பணம் கட்டிவிட்டோம். இந்தப் பிரதிகள் புகாருக்கு உதவுமா?

உதவும். ஆனால் முதலில் இன்றைய பக்கத்தைச் சேமியுங்கள், அதுவும் ஏஜென்சிக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பதற்கு முன்பே. web.archive.org/save என்ற இடத்தில் முகவரியைக் கொடுத்தால் அந்த நிமிடமே ஒரு பிரதி பதிவாகும். முகப்பு, தொடர்பு, "எங்களைப் பற்றி", வேலை விளம்பரம் என்று ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகக் கொடுங்கள். திரையைப் படம் எடுத்தால் மேலே உள்ள முகவரிப் பட்டையும் அந்த 14 இலக்கங்களும் விழும்படி எடுங்கள். தேதியில்லாத படத்தை எதிர்த்தரப்பு எளிதாகத் தள்ளிவிடும்.

ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள், cybercrime.gov.in-லும் புகார் போடுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். லைசென்ஸ் இல்லாத ஏஜென்சி என்றால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் எழுதலாம். லைசென்ஸ் உள்ளவர்கள்கூட வேலைக்குப் போகிறவரிடம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதற்கும் ரசீது தர வேண்டும். கேட்ட தொகை அதைத் தாண்டியிருந்தால் புகாரில் அதையும் எழுதுங்கள்.

வழக்கு நீதிமன்றம் வரை போனால் வெறும் அச்சுப் பிரதி போதாது. மின்னணு ஆவணம் என்பதால் 2024 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவின் கீழ் சான்றிதழ் சேர்க்க வேண்டும். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். அவரிடம் ஒவ்வொரு பிரதியின் முழு முகவரியையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்.